கடைசி ஓவர் சொல்லும் கணக்கு

சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்றை எடுத்து, ரேடியன் முறைக்கு மாற்றிக்கொண்டு, 1 என்று தட்டி சைன் பொத்தானை அழுத்துங்கள். 0.8415 என்று வரும். வந்த விடைக்கே மறுபடி சைன் போட்டால் 0.7456. இன்னொரு தடவை, 0.6784. பத்தாவது தடவையில் 0.4630. பொறுமையிருந்து நூறு தடவை அழுத்தினால் 0.169 அருகில் நிற்கும். ஆயிரம் தடவை அழுத்த யாருக்கும் விரல் தாங்காது. கணினியிடம் விட்டால் அது 0.0546 என்று காட்டும்.

எண் பூஜ்ஜியத்தை நோக்கி இறங்குகிறது என்பது பார்த்தாலே தெரிகிறது. ஆனால் எவ்வளவு வேகமாக இறங்குகிறது? முதலில் மளமளவென்று சரிந்த எண், போகப்போக நகரவே மாட்டேன் என்கிறது. இந்தச் சோம்பலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. திரையில் இருக்கும் எண்ணை வர்க்கப்படுத்தி, அதை நீங்கள் அழுத்திய தடவைகளால் பெருக்கிப் பாருங்கள். பத்தாவது தடவையில் 2.14, நூறாவதில் 2.85, ஆயிரமாவதில் 2.98. விடை 3-ஐ நோக்கிப் போகிறது. சைன் பொத்தானுக்குள் 3 எங்கே ஒளிந்திருந்தது?

இதை வெளியே கொண்டுவரும் கருவிக்கு ஸ்டோல்ஸ்–சேசரோ தேற்றம் என்று பெயர். பெயர்தான் மிரட்டும், விஷயம் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

அதற்கு முன் அதன் அண்ணனைப் பார்த்துவிடலாம். பிளஸ் டூ கணக்கில் லோபிதால் விதி என்று ஒன்று வரும். இரண்டு சார்புகளை வகுக்கும்போது மேலும் கீழும் முடிவிலிக்கு ஓடினால் விகிதம் எதை நோக்கிப் போகிறது என்று நேராகச் சொல்ல முடியாது. அப்போது இரண்டையும் தனித்தனியே வகையிட்டு, வகைக்கெழுக்களின் விகிதத்தைப் பார். அது ஓர் எல்லையை அடைந்தால், மூல விகிதமும் அதே எல்லையைத்தான் அடையும். 1696-இல் பிரெஞ்சுப் பிரபு லோபிதால் வெளியிட்ட புத்தகத்தில் இந்த வகை விதி முதலில் அச்சேறியது. கண்டுபிடித்தவர் அவருக்குப் பணம் வாங்கிக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுத்த யோஹான் பெர்னூலி. காசு கொடுத்தவர் பெயர் நிலைத்துவிட்டது.

வகையிட வேண்டுமானால் மாறி இழுத்த இழுப்புக்குச் சிறுகச் சிறுக நகர வேண்டும். நம் சைன் கணக்கில் அதற்கு வழியில்லை. பொத்தானை மூன்று தடவை அழுத்தலாம், நான்கு தடவை அழுத்தலாம். மூன்றேகால் தடவை அழுத்த முடியாது. முதல் உறுப்பு, இரண்டாம் உறுப்பு என்று எண்ணிக்கொண்டு போகும் தொடர்வரிசைகள் எல்லாமே இப்படித்தான். இங்கே வகைக்கெழுவின் வேலையைச் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: ஓர் உறுப்புக்கும் அடுத்த உறுப்புக்கும் உள்ள வித்தியாசம்.

ஒருபோதும் முடியாத ஒரு கிரிக்கெட் இன்னிங்ஸைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஸ்கோர் போர்டை நாம் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறோம். n-ஆவது தடவை பார்க்கும்போது எடுத்திருக்கும் மொத்த ரன் aₙ. அதுவரை வீசப்பட்ட மொத்தப் பந்து bₙ. ஒரு பந்துக்கு எத்தனை ரன் என்ற ஒட்டுமொத்த ரன் ரேட் aₙ / bₙ. போன தடவை பார்த்ததற்கும் இப்போதைக்கும் நடுவே ஏறிய ரன்னை, அதே இடைவெளியில் வீசிய பந்துகளால் வகுத்தால் அந்த இடைவெளிக்கு மட்டுமான ரன் ரேட் கிடைக்கும். தேற்றம் சொல்வது இவ்வளவுதான்: இடைவெளி ரன் ரேட் போகப்போக ஒரே எண்ணில் நிலைத்தால், ஒட்டுமொத்த ரன் ரேட்டும் அதே எண்ணுக்கு வந்து சேரும்.

குறியீட்டில் எழுதினால்,

(aₙ₊₁ − aₙ) / (bₙ₊₁ − bₙ) → L என்றால், aₙ / bₙ → L.

நிபந்தனை ஒன்று உண்டு. bₙ ஒவ்வொரு அடியிலும் ஏற வேண்டும். அந்த ஏற்றத்துக்கு மேல்வரம்பும் இருக்கக் கூடாது. பந்து எண்ணிக்கை குறையக் கூடாது, ஆட்டமும் முடியக் கூடாது.

ஏன் இது உண்மை என்பதற்கான நிரூபணம் முழுக்க இந்த ஸ்கோர் போர்டிலேயே இருக்கிறது. ஏதோ ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒவ்வோர் இடைவெளியின் ரன் ரேட்டும் 0.99-க்கும் 1.01-க்கும் நடுவே அடங்கிவிட்டது என்று வையுங்கள். அந்தக் கட்டத்திலிருந்து இன்றுவரை ஏறிய ரன்களையெல்லாம் கூட்டினால், அதுவும் இடையில் வீசிய பந்துகளின் 0.99 மடங்குக்கும் 1.01 மடங்குக்கும் நடுவேதான் இருந்தாக வேண்டும். வித்தியாசங்களைக் கூட்டும்போது நடுவில் உள்ள உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, முதலும் கடைசியும் மட்டும் மிஞ்சுவதால் இந்தக் கூட்டல் ஒரே வரியில் முடிந்துவிடும். பாக்கி இருப்பது, அந்தக் கட்டத்துக்கு முந்தைய ஆட்டம். அதில் விக்கெட் விழுந்து தடவியிருக்கலாம், சிக்ஸராகப் பறக்கவிட்டிருக்கலாம். எப்படியிருந்தாலும் அது ஒரு குறிப்பிட்ட தொகை. வகுக்கும் பந்து எண்ணிக்கை கோடியைத் தாண்டும்போது அந்தத் தொகை கண்ணுக்கே தெரியாது. 0.99, 1.01 என்பதை 0.999, 1.001 என்று எவ்வளவு வேண்டுமானாலும் நெருக்கலாம். அவ்வளவுதான் நிரூபணம்.

எல்லா ஓவரும் ஒரே அளவு என்ற எளிய நிலையை, அதாவது bₙ = n என்ற நிலையை, 1821-இல் கோஷி தன் பகுப்பாய்வுப் பாடநூலிலேயே நிறுவிவிட்டார். அளவு மாறும் பொது நிலையை இன்ஸ்ப்ருக் நகரில் பேராசிரியராக இருந்த ஆஸ்திரியர் ஓட்டோ ஸ்டோல்ஸ், 1885-இல் வந்த தன் எண்கணித விரிவுரை நூலில் எழுதினார். நேப்பிள்ஸில் பிறந்த எர்னஸ்டோ சேசரோ 1888-இல் ஒரு பிரெஞ்சு இதழில் எழுதினார். சேசரோவுக்குச் சராசரிகள் மேல் தனிப் பிரியம். அலைந்துகொண்டே இருக்கும் தொடர்களுக்குக்கூடச் சராசரி எடுத்து ஒரு மதிப்புக் கொடுக்கும் முறை இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. 1906-இல் கடலில் சிக்கிய மகனைக் காப்பாற்றப் போய் அவரே இறந்துபோனார். அப்போது வயது நாற்பத்தேழு.

கருவியைச் சின்ன வேலையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். 1² + 2² + … + n² என்ற கூட்டுத்தொகையை n³ ஆல் வகுத்தால் n பெரிதாகும்போது என்ன ஆகும்? கூட்டலுக்கு வாய்பாடு இருக்கிறது, ஆனால் அது ஞாபகம் வர வேண்டிய அவசியமே இல்லை. n-இலிருந்து அடுத்ததற்குப் போகும்போது மேலே ஏறுவது (n+1)²; கீழே ஏறுவது (n+1)³ − n³, அதாவது 3n² + 3n + 1. n பெரிதாக இருந்தால் மேலே ஏறக்குறைய n², கீழே ஏறக்குறைய 3n². விடை மூன்றில் ஒன்று. சரிபார்க்க: n = 10 என்றால் 385 / 1000 = 0.385; n = 100 என்றால் 0.33835. வர்க்கத்துக்குப் பதில் வர்க்கமூலங்களைக் கூட்டச் சொன்னால் கைவசம் வாய்பாடே கிடையாது; அப்போதும் இதே வழியில் n√n ஆல் வகுத்துப் பார்த்தால் மூன்றில் இரண்டு என்று வந்துவிடும்.

இதெல்லாம் தேர்வுக் கணக்கு. சைன் பொத்தான் வேறு ரகம். அங்கே கூட்டலும் இல்லை, வகுத்தலும் இல்லை. ஓர் எண் மட்டும் தேய்ந்துகொண்டு போகிறது. aₙ எது, bₙ எது என்று நாம்தான் கண்டுபிடித்துப் பொருத்த வேண்டும். இந்தத் தேற்றத்தைப் பயன்படுத்துவதில் சாமர்த்தியம் தேவைப்படுவது அந்த இடத்தில்தான்.

x சிறியதாக இருக்கும்போது சைன் x என்பது ஏறக்குறைய x − x³/6. (இந்தத் தொடரை ஐரோப்பியர்களுக்கு வெகுமுன்பே கேரளத்துச் சங்கமகிராம மாதவனின் வழிவந்தவர்கள் அறிந்திருந்தார்கள்.) ஆக, பொத்தானை ஒருமுறை அழுத்தினால் எண் தன் கனத்தில் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. எண் 0.1 ஆக இருந்தால் குறைவது ஆயிரத்தில் ஒன்றின் ஆறில் ஒரு பங்குதான். சோம்பலின் காரணம் அங்கே இருக்கிறது. எண் சுருங்கச் சுருங்க அடியெடுத்து வைக்கும் தூரம் அதைவிட வேகமாகச் சுருங்குகிறது.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி: இந்த எண்ணிலிருந்து எதைச் செய்தால், ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறுகிற ஒன்று கிடைக்கும்? அப்படி ஒன்று கிடைத்தால் ‘ஓவருக்கு இத்தனை ரன்’ என்று தேற்றத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். எண்ணைத் தலைகீழாக்கி 1/x எடுத்தால் அது ஏறும், ஆனால் ஏறும் அளவு குறைந்துகொண்டே போகும். 1/x³ எடுத்தால் ஏறும் அளவு கூடிக்கொண்டே போகும். நடுவில் உள்ள 1/x² தான் சரியாக உட்காருகிறது. கனமாகக் குறையும் எண்ணுக்கு வர்க்கத்தின் தலைகீழ். இந்தத் துறையில் பழகியவர்கள் யோசிக்காமலே கை வைக்கும் இடம் இது.

எண்களாகவே பார்த்துவிடலாம். தொடக்கத்தில் x = 1, ஆகவே 1/x² உம் 1. முதல் அழுத்தலுக்குப் பின் 1.412, அடுத்து 1.799, பிறகு 2.173, 2.539, 2.900. வித்தியாசங்களை எடுத்தால் 0.412, 0.386, 0.374, 0.366, 0.361. இறங்குகின்றன, ஆனால் பூஜ்ஜியத்துக்கு அல்ல; நூறாவது அழுத்தலை நெருங்கும்போது 0.335-இல் நிற்கின்றன. அவை எங்கே போய்ச் சேரும் என்று காட்ட இரண்டே வரி போதும். சைன் x-இன் வர்க்கம் ஏறக்குறைய x² − x⁴/3. ஆகவே 1/சைன்²x-இலிருந்து 1/x²-ஐக் கழித்தால், மேலே மிஞ்சுவது x⁴/3, கீழே நிற்பது ஏறக்குறைய x⁴. விகிதம் மூன்றில் ஒன்று. x பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க இந்த ‘ஏறக்குறைய’ துல்லியமாகிவிடும்.

இனி தேற்றத்தின் வேலை. aₙ = 1/xₙ², bₙ = n. வித்தியாசங்களின் விகிதம் 1/3-ஐ அடைகிறது. ஆகவே 1/xₙ² ஐ n ஆல் வகுத்தாலும் 1/3. புரட்டிப் போட்டால் n × xₙ² → 3. ஒளிந்திருந்த 3 இதுதான்: சைன் தொடரில் கனத்துக்குக் கீழே இருக்கும் 6, வர்க்கப்படுத்தும்போது பாதியாகி வெளியே வந்திருக்கிறது. 1-க்குப் பதில் 0.5-இலோ 2-இலோ தொடங்கியிருந்தாலும் இதே 3 தான். ஆரம்ப ஓவர்கள் எப்படிப் போயிருந்தால் என்ன என்று முன்னே சொன்னோமே, அதேதான்.

இவ்வளவு சுலபமாக வேலை செய்யும் கருவியைத் தவறாகப் பிடித்தால் கையை வெட்டும். மாணவர்கள் அதிகம் வெட்டுப்படுவது விதியைத் திருப்பிப் படிப்பதில். ஒட்டுமொத்த விகிதம் நிலைத்தால் இடைவெளி விகிதமும் நிலைக்கும் என்று தேற்றம் சொல்லவில்லை. ஓர் ஓவரில் பன்னிரண்டு ரன், அடுத்தது மெய்டன், மறுபடி பன்னிரண்டு, மறுபடி மெய்டன் என்று ஆட்டம் போனால் ஒட்டுமொத்த ரன் ரேட் ஓவருக்கு ஆறில் போய் அழகாக நிலைத்துவிடும். ஓவர் கணக்கோ கடைசிவரை 12, 0 என்று குதித்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் வித்தியாசங்களின் விகிதத்துக்கு எல்லை இல்லை என்று தெரிந்தவுடன், மூல விகிதத்துக்கும் எல்லை இல்லை என்று எழுதிவிடக் கூடாது. தேற்றம் அங்கே மௌனம் சாதிக்கிறது, அவ்வளவுதான். வேறு வழி தேட வேண்டும்; இந்த உதாரணத்தில் இரண்டிரண்டு ஓவராகச் சேர்த்து எண்ணினாலே வழி பிறந்துவிடும்.

அடுத்தது, கீழே இருப்பது முடிவிலிக்குப் போகிறதா என்று பார்க்க மறப்பது. aₙ = 5 − 1/n, bₙ = 2 − 1/n என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒவ்வோர் அடியிலும் ஒரே அளவு ஏறுகின்றன. வித்தியாசங்களின் விகிதம் எப்போதும் 1. ஆனால் aₙ / bₙ போய்ச் சேர்வது 5/2-க்கு. கீழே இருப்பது 2-ஐத் தாண்டாததால், பழைய பாக்கி கரையவே இல்லை. லோபிதால் விதியில், மேலும் கீழும் சாதாரண எண்ணை நோக்கிப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு வகையிடுபவர்கள் செய்யும் அதே பிழை. மேலும் கீழும் இரண்டுமே பூஜ்ஜியத்துக்குப் போனால் மட்டும் தேற்றத்துக்கு இன்னொரு வடிவம் உண்டு. அங்கே கீழே இருப்பது ஒவ்வோர் அடியிலும் ஒரே திசையில் நகர்ந்தால் போதும்.

மூன்றாவது கொஞ்சம் சூட்சுமமானது: bₙ முடிவிலிக்குப் போனாலும், ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போவது. நிஜ ஆட்டத்தில் வீசிய பந்தைத் திரும்ப வாங்க முடியாது, கணக்கில் முடியும். k-ஆவது சுற்றில் bₙ முதலில் k² + 1 ஏறி, பிறகு k² இறங்குகிறது என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு நிகர லாபம் 1 தான். aₙ ஏறும்போது அதன் 1/k பங்கு ஏறி, இறங்கும்போது 1/(2k) பங்கு மட்டும் இறங்கட்டும். பத்தாவது சுற்றில் b 101 ஏறி 100 இறங்கும், a 10.1 ஏறி 5 இறங்கும். வித்தியாசங்களின் விகிதம் முதலில் பத்தில் ஒன்று, பிறகு இருபதில் ஒன்று. சுற்றுகள் கூடக்கூட அது பூஜ்ஜியத்துக்குப் போகிறது. ஆனால் இந்த ஒரே சுற்றின் நிகர வரவைப் பாருங்கள்: b-க்கு 1, a-க்கு 5.1. நூறாவது சுற்றில் b-க்கு அதே 1, a-க்கு ஐம்பதுக்கு மேல். சுற்று முடியும் இடங்களில் aₙ / bₙ முடிவிலிக்கே ஓடிவிடும். bₙ ஏறிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற சொல் நிபந்தனையில் அலங்காரத்துக்கு இல்லை, நிரூபணத்தில் 0.99 மடங்கு, 1.01 மடங்கு என்று கூட்டினோமே, அந்தக் கூட்டலில் ஒரு கழித்தல் குறி புகுந்தால் சமனின்மை திரும்பிவிடும்.

சைன் பொத்தானுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி. ஆயிரம் தடவை அழுத்தியும் 2.98 தானே வந்தது, 3 வரவில்லையே? எல்லை இருக்கிறது என்று தேற்றம் சொல்லும். எப்போது வந்து சேரும் என்று சொல்லாது. ஆனால் மிச்சத்தின் மேல் அதே தேற்றத்தை மறுபடி ஏவலாம். 1/xₙ² என்பதிலிருந்து n/3 ஐக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது ஓர் அடிக்கு எவ்வளவு ஏறுகிறது? சைன் தொடரை இன்னும் ஓர் உறுப்பு நீட்டிப் போட்டால் விடை ஏறக்குறைய xₙ²/15. xₙ² ஏறக்குறைய 3/n என்பது நமக்கு இப்போது தெரியும். ஆகவே ஏற்றம் 1/(5n). இயல் மடக்கை, அதாவது ln n, ஓர் அடிக்கு ஏறுவது ஏறக்குறைய 1/n. விகிதம் ஐந்தில் ஒன்று. ஆக, மிச்சத்தை ln n ஆல் வகுத்தால் 1/5.

சரிபார்த்தால் திடுக்கிடும். n = 1000 இல் 1/xₙ² என்பது 335.526, n/3 ஐக் கழித்தால் 2.193. ஆயிரத்தின் ln 6.908. வகுத்தால் 0.317 வருகிறது, 0.2 அல்ல. கணக்கு தப்பவில்லை. ln n-இன் ஐந்தில் ஒரு பங்கு 1.382, அதையும் கழித்தால் 0.81 அளவில் ஒரு நிலையான எண் நிற்கிறது. ஆயிரத்துக்கு ஏழைக்கூட எட்டாத அளவு மெல்ல வளரும் மடக்கைக்கு இந்த 0.81-ஐ விழுங்க யுகங்கள் ஆகும். வித்தியாசம் எடுக்கும்போது நிலையான எண் காணாமல் போய்விடுவதால், அது எவ்வளவு என்று இந்தத் தேற்றத்தை எத்தனை தடவை ஏவினாலும் சொல்லாது. 1-இல் தொடங்கினோம் என்ற தகவல் பத்திரமாக இருப்பதும் அந்த எண்ணில்தான்: 0.5-இல் தொடங்கினால் அதே இடத்தில் சுமார் 3.5 நிற்கும். அதைக் கண்டுபிடிக்கக் கால்குலேட்டரைத்தான் மறுபடி எடுக்க வேண்டும்.